கோட்டு போட்டால் குள்ளமாகத் தெரிவது ஏன்?

"என் உயரம் 160 செ.மீ. நாகர்கோவிலில் தம்பி கல்யாண ரிசப்ஷனுக்கு ரெடிமேடில் நேவி புளூ கோட்டும் சாம்பல் பேண்டும் எடுத்தேன். போட்டால் இன்னும் குள்ளமாகத் தெரிகிறேன். என்ன செய்யலாம்?"

அண்ணே, முதலில் பேண்டைப் பாருங்க. கவட்டுத் தையலிலிருந்து முன்பக்கப் பட்டி வரை டேப் வைத்தால் 9 இஞ்ச்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அது இடுப்பெலும்பில் தொங்கி, காலைக் குட்டையாக்கி உடம்பை நீளமாகக் காட்டும். தொப்புளுக்குச் சற்றுக் கீழே நிற்கிற மாதிரி, ரைஸ் என்கிற அந்த அளவு சுமார் 10½ இஞ்ச் வர புதிதாகத் தைக்கச் சொல்லுங்க, ஏனென்றால் பழைய பேண்டில் இதை ஏற்றத் துணி இருக்காது. தைப்பதை அதே நேவியில் தைத்துவிட்டால், இடுப்பில் நிறம் மாறி ஆளை இரண்டாக வெட்டுகிற தொல்லையும் போய்விடும். கோட்டின் அதே துணி கிடைக்காவிட்டால் அடர் நேவி போதும், ஆனால் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க, கடை லைட் ஏமாற்றும். சாக்ஸும் நேவியே. பேண்ட் அடி ஷூ மேல் மடிந்து குவியக் கூடாது.

அப்புறம் கோட்டு. பின்கழுத்து எலும்பிலிருந்து தரை வரை அளந்து பாதியாக்குங்க, உங்களுக்கு 27 இஞ்ச் அருகே வரும், கோட்டின் பின்நீளம் அவ்வளவுதான் இருக்கணும். பின்புறம் மறைந்தால் போதும். 28 இருந்தால் ஒரு இஞ்ச் குறைக்கலாம். 29½ என்றால், குறைத்ததும் பாக்கெட் அடி விளிம்போடு ஒட்டிக்கொள்ளும், பட்டனும் கீழே இறங்கின மாதிரி தெரியும். அதைவிட மாற்றிக்கொள்வதே நல்லது, பில் இருக்கா?