ரெண்டு மாசத்துல நல்லா ஆயிட்டேன், மாத்திரையை நிறுத்தலாமா?

"இருமல் போச்சு, பசி வந்துடுச்சு, எடையும் ஏறிடுச்சு. வயசு 24. இன்னும் நாலு மாசம் காசநோய் மாத்திரை எதுக்கு?"

நிறுத்தாதீங்க தம்பி. 26 வயதில் நானும் இதையேதான் யோசித்தேன். ஏழாவது வாரம் காய்ச்சல் இல்லை, ராத்திரி வியர்வை இல்லை. காலையில் நாலு மாத்திரை விழுங்கினால் குமட்டல், சிறுநீர் ஆரஞ்சு நிறம். இரண்டு நாள் அட்டையைத் தலையணைக்கு அடியில் ஒளித்தும் வைத்தேன். காலி அட்டையைக் கேட்டு வாங்கிய செவிலியர் அக்காவிடம் மாட்டிக்கொண்டேன்.

அவர் திட்டவில்லை. வேகமாகப் பெருகும் கிருமிகள் முதலில் சாகும், அதனால்தான் உடம்பு தேறுகிறது என்றார். மெதுவாக, கிட்டத்தட்டத் தூங்கிக்கொண்டே கிடக்கும் கிருமிகள் சாக மாதங்கள் ஆகும். பாதியில் விட்டால் அவைதான் திரும்பப் பெருகும். மருந்துக்கு மசியாத கிருமியாக மாறினால் சிகிச்சை இன்னும் கடினமாகும்.

இரண்டாம் மாத முடிவில் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்றே வந்தது. அப்போதும் நிறுத்தவில்லை, பைராசினமைடு என்ற மருந்தை மட்டும் நிறுத்தினார்கள், மற்ற மூன்று மருந்தும் நாலு மாதம் தொடர்ந்தன. குமட்டலைச் சொன்னதும் மாத்திரை நேரத்தை மாற்றித் தந்தார்கள், சமாளிக்க முடிந்தது.

ஆரஞ்சு நிறம் ரிஃபாம்பிசின் என்ற மருந்தால் வருவது, பயமில்லை. ஆனால் கண் மஞ்சளானால், பார்வை மங்கினால், வாந்தி நிற்காவிட்டால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகப் போடாமல் மையத்துக்கு போன் பண்ணிக் கேளுங்கள். அப்புறம், உங்கள் இரண்டாம் மாதச் சளிப் பரிசோதனை முடிந்துவிட்டதா?