சொந்த டொமைனா, இலவச முகவரியா?

"மல்லாவியில் சிறிய கடை வைத்திருக்கிறேன். வங்கி, கடை எல்லாவற்றுக்கும் ஆயுள் முழுக்க ஒரே மின்னஞ்சல் முகவரி வேண்டும். டொமைன் வாங்கவா, ஜிமெயில் போதுமா?"

வங்கிக்கு ஜிமெயிலையே வைத்திருங்கள். அந்தக் கணக்கு அழிந்தாலும் அதே முகவரியை கூகுள் வேறொருவருக்குக் கொடுப்பதில்லை. (இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்டால் கணக்கை அழிக்கக்கூடும், கவனம்.)

டொமைன் குத்தகைக் காணி மாதிரி. `.com` பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குத்தான் பதியலாம். வங்கி அட்டை காலாவதியாகி, புதுப்பிக்கும் கட்டணம் போகவில்லையென்றால் முதலில் கடிதங்கள் வருவது நிற்கும். பதிவு நிறுவனம் பெயரை நீக்கியபின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதற்குத் தனிக் கட்டணம், அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. அதன்பின் ஐந்து நாளில் பெயர் யாருக்கும் கிடைக்கும். வாங்கியவர் உங்கள் கணக்கில் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று அழுத்தினால், மாற்றும் இணைப்பு அவருக்கே போகும்.

கடைக்கு டொமைன் நல்லது. அஞ்சல் சேவையை மாற்றினாலும் பலகையில் எழுதிய முகவரி மாறாது. ஆனால் பதிவு நிறுவனத்தில் தொடர்பு முகவரியாக அதே டொமைன் முகவரியைக் கொடுக்காதீர்கள். பெயர் முடங்கினால் நினைவூட்டல் கடிதமும் முடங்கிய பெட்டிக்கே போகும். அங்கே ஜிமெயிலைக் கொடுங்கள்.