நண்பர்கள் குழுவில் விளையாட்டுக்குக் கலாய்த்த சாட்டின் ஸ்கிரீன்ஷாட் வெளியே போனால் அப்படி என்ன பாதிப்பு வந்துவிடப் போகிறது?

பாதிப்பு வரும். அது கலாய்த்தவருக்குத்தான் வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பல நேரங்களில் கலாய்க்கப்பட்டவர்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார். ஒருவரிடம் இல்லாத குறையை இருப்பதாக ஊதிப் பெருக்கிச் சொல்வதில்தான் பெரும்பாலான கலாய்ப்புகளின் சிரிப்பு இருக்கிறது. அந்தக் குறை அவரிடம் இல்லை என்பது குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருப்பதால்தான் அதைத் துணிந்து சொல்கிறார்கள். உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் அந்தப் பேச்சை எடுக்கவே தயங்குவார்கள். வெளியாளுக்கோ சொற்கள் மட்டும் போய்ச் சேர்கின்றன, அவற்றுக்கு அடியில் இருக்கும் நம்பிக்கை போய்ச் சேர்வதில்லை. ஆகவே அவர் நேர் எதிராகப் புரிந்துகொள்கிறார்.

எனக்கு நெருக்கமான ஒரு நண்பர் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். சேர்ந்து சுற்றுலா போய்வந்தவர்களில் ஒருவரிடம் பொதுச் செலவுப் பணம் இருந்தது. சில்லறை வரை கணக்கு எழுதுகிற மனிதர் அவர். ஊர் திரும்பியதும் கணக்குத் தாளை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, "மீதியை அமுக்கிவிட்டேன், திட்டுகிறவர்கள் திட்டலாம்" என்று அவரே தொடங்கிவைத்தார். உடனே, "பொதுப் பணத்தைப் பார்த்தாலே உனக்குக் கை அரிக்குமே", "இவனிடம் உண்டியலைக் கொடுத்தால் பூட்டு மட்டும்தான் திரும்பி வரும்" என்று வரிசையாக வந்தன. அவரும் "ஆமாம், இது முதல் தடவையா என்ன" என்று பதில் போட்டார். குழு விழுந்து விழுந்து சிரித்தது.

அதில் ஒருவர் கடைசிப் பகுதியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தன் அண்ணனுக்கு அனுப்பினார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, உண்டியல் வரி அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் ஒரு திரையில் சில செய்திகள்தான் அடங்கும். கணக்குத் தாளும் அவரே தொடங்கிவைத்த வரியும் மேலே போய்விட்டன. சிரிப்பு ஸ்டிக்கர்கள் கீழே நின்றுவிட்டன. ஒவ்வொரு செய்திக்கும் மணியும் நிமிடமும் தெரிந்தனவே தவிர, எந்தத் தேதியில் நடந்த பேச்சு என்பது படத்தில் இல்லை. அனுப்புகிறவரின் பெயர், படம் எடுத்தவர் தன் தொலைபேசியில் சேமித்து வைத்திருக்கும் விதத்தில்தான் தெரியும் என்பதால், நண்பரின் பதிலுக்கு மேல் "கல்லாப்பெட்டி" என்று இருந்தது. பக்கத்தில் அவருடைய முகம் தெரியும் புகைப்படம். செல்லமாக வைத்த பட்டப்பெயர் அந்த இடத்தில் சாட்சியாகிவிட்டது, "ஆமாம்" என்ற சொல் ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிட்டது.

படம் கைமாறிக் கைமாறி, அவர் பொருளாளராக இருந்த ஒரு சங்கத்தின் உறுப்பினர்களிடம் போய்ச் சேர்ந்தது. அவர்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரிபார்த்து முடித்த கணக்கை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றார்கள், பிறகு அடுத்த கூட்டத்தில் வேறொருவர் பெயரை முன்மொழிந்தார்கள். எல்லோரும் பார்த்து முடித்த பிறகுதான் அப்படி ஒரு படம் சுற்றுவதே அவருக்குத் தெரிந்தது. எனக்கு இதில் மிகவும் வலித்தது இந்த இடம்தான்: முகத்துக்கு நேரே குற்றம் சாட்டியிருந்தால் கணக்குத் தாளைக் காட்டியிருப்பார், யாரும் சாட்டாத குற்றத்துக்கு அவர் யாரிடம் போய் விளக்கம் சொல்வார்?

தொழில்நுட்பமும் இங்கே கைகொடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் பலமுறை ஃபார்வர்ட் ஆன செய்திக்கு இரட்டை அம்புக்குறி விழும்; ஆனால் அது படம் பல கை மாறியது என்பதற்கான அடையாளமே தவிர, எங்கே, எதற்காகப் பேசியது என்பதைச் சொல்லாது. "அனைவருக்கும் நீக்கு" என்பதை அழுத்தினால் குழுவிலிருக்கும் செய்தி போகும், ஏற்கெனவே எடுத்த படம் போகாது.

உங்களுக்கு அப்படி ஒரு படம் வந்தால், முதல் செய்தி பேச்சின் நடுவிலிருந்து தொடங்குகிறதா, தேதி தெரிகிறதா, யாருக்கோ பதிலாக வந்த வரியின் மூலச் செய்தி படத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இவை இல்லையென்றால் நீங்கள் பார்ப்பது உரையாடலின் ஒரு துண்டு மட்டுமே.

படம் ஏற்கெனவே வெளியே போய்விட்டதென்றால், சாட்டை ஏற்றுமதி செய்யும் வசதியைப் பயன்படுத்தி, தேதி, நேரம், பெயருடன் வரும் எழுத்துப் பதிவிலிருந்து அந்த உரையாடலைத் தொடக்கம் முதல் முடிவு வரை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். குழுவின் மற்றப் பேச்சுகளை அதோடு சேர்த்து அனுப்பாதீர்கள், அது இன்னொரு கசிவாகிவிடும். அதைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியவர் பாதிக்கப்பட்டவர் அல்லர். அவர் மறுத்தால் சமாளிப்பதாகத்தான் தோன்றும். நண்பரின் விஷயத்தில், உண்டியல் வரியை எழுதியவரே சங்கத்தின் ஒவ்வோர் உறுப்பினரையும் தனித்தனியாகப் பார்த்து, "எழுதியவன் நான்தான், இதோ அதற்கு முன் அவர் போட்ட கணக்கு" என்று காட்டினார். சிலர் ஏற்றுக்கொண்டார்கள். பொருளாளர் பொறுப்பு மட்டும் அவரிடம் திரும்பி வரவில்லை.