காத்திருப்பு யார் கணக்கில்?

டிஜிட்டல் பொருளாதாரம் பற்றிய அரசியல் பொருளாதாரக் கட்டுரையில், செயலித் தளங்கள் வழியே உழைப்பைத் திரட்டி ஆதாயம் பெறும் மேடை முதலாளியத்தையும், மென்பொருளே மேலாளராகித் தொழிலாளரைக் கட்டுப்படுத்தும் அல்காரிதம் நிர்வாகத்தையும் எங்கிருந்து பகுப்பாயத் தொடங்குவது?

கூலி கிடைக்காத காத்திருப்பு நேரத்திலிருந்து தொடங்குங்கள். அதற்கு மிகத் தெளிவான சான்று, லண்டன் ஊபர் ஓட்டுநர்களின் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பு.

காரும் எரிபொருளும் ஓட்டுநருடையவை. கட்டணத்தை நிர்ணயிப்பதோ நிறுவனம். வழக்குக்கு உட்பட்ட காலத்தில், பயணியை ஏற்றிக்கொள்ளும் வரை போகுமிடம்கூட ஓட்டுநருக்குத் தெரியவில்லை. அழைப்புகளைத் தொடர்ந்து மறுத்தால் எச்சரிக்கை வந்தது. பிறகு செயலி அவரை வெளியேற்றி 10 நிமிடம் உள்ளே விடவில்லை. மேற்பார்வையாளர் என்று யாரும் எதிரில் இல்லை, ஆனால் தண்டனை உண்டு. இந்தக் கட்டுப்பாடுகளைக் கொண்டே அவர்கள் சுயதொழில் செய்வோர் அல்லர் என்றும், செயலியைத் திறந்து அழைப்பை ஏற்கத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரமே என்றும் நீதிமன்றம் கூறியது. அடுத்த மாதம் குறைந்தபட்ச ஊதியம் தர ஒப்புக்கொண்ட ஊபர், அதைப் பயணத்தை ஏற்ற கணத்திலிருந்து மட்டுமே கணக்கிட்டது.

இங்கேதான் பகுப்பாய்வு கூர்மை பெற வேண்டும். ஒருவர் 10 மணி நேரம் செயலியில் இருந்து, 6 மணி நேரம் ஓட்டி, செலவு போக 72 பவுண்டு ஈட்டினார் என வைத்துக்கொள்வோம். ஒரு கணக்கில் மணிக்கு 12 பவுண்டு, மற்றதில் 7.20. பயணிக்கு உடனே கார் கிடைப்பதற்கு அந்த 4 மணி நேரக் காத்திருப்பே காரணம், அதன் செலவு மட்டும் ஓட்டுநர் தலையில். எனவே அல்காரிதத்தைப் புதுமையாக வியப்பதைவிட, நேரத்துக்கு அல்லாமல் முடித்த வேலைக்கு மட்டும் கூலி தரும் பழைய துண்டுக்கூலி முறையின் தொடர்ச்சியாகப் படிப்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

ஓர் எச்சரிக்கை: ஓட்டுநர் ஒரே சமயத்தில் பல செயலிகளைத் திறந்து வைத்திருந்தால், காத்திருப்பு எந்த நிறுவனத்துக்கானது என்பது சிக்கலாகும்.