அண்ணன் வீட்டு வாசலும் ஒரு சத்தியமும்

அஸ்ஸலாமு அலைக்கும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் சொத்துப் பிரிவினையில் எனக்கும் அண்ணனுக்கும் பெரிய சண்டை. நாலு பேர் முன்னிலையில், "அல்லாஹ்வின் மீது ஆணையாக, இனி இவன் வீட்டுக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். இப்போது அண்ணன் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். சத்தியத்தை முறிக்க மூன்று நோன்பு போதும் என்று ஒருவர் சொன்னதால், போன வாரமே மூன்று நாள் நோன்பு வைத்துவிட்டேன். என் மாமனாரோ, "நேர்ச்சையை முறித்தால் குடும்பத்துக்கு ஆகாது" என்கிறார். கோபத்தில் சொன்னது கணக்கில் வருமா? இனி நான் போகலாமா? நான் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவன். மாதச் சம்பளத்தில் குறையில்லாமல் இருக்கிறேன்.

பெயர் வெளியிட வேண்டாம்.

* * *

வ அலைக்குமுஸ் ஸலாம்.

போகலாமா என்று கேட்கிறீர்கள். போகத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் வைத்த மூன்று நோன்பும் இந்தச் சத்தியத்தை முறிப்பதற்கான பரிகாரமாக, அதாவது கஃப்பாராவாக, ஆகவில்லை. இரண்டு காரணங்களால் ஆகவில்லை. அதற்கு வருவதற்கு முன் கோபத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

குர்ஆன் சத்தியங்களை இரண்டாகப் பிரிக்கிறது. நாக்கு தானாக உதிர்ப்பது ஒன்று, உள்ளம் முடிச்சுப் போடுவது மற்றொன்று. முதலாவதற்கு 'லஃக்வ்' என்று பெயர். "இல்லை வல்லாஹி, ஆமாம் வல்லாஹி" என்று பேச்சுக்கிடையே மனிதர்கள் சொல்லிக்கொண்டே போவதுதான் அது என்று ஆயிஷா (ரலி) விளக்கியிருக்கிறார்கள். அதற்குக் கேள்வியும் இல்லை, பரிகாரமும் இல்லை. கோபத்தின் வேகத்தில் வாய் தவறி அல்லாஹ்வின் பெயர் வந்து விழுந்திருந்தால் உங்களுடையதும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பாருங்கள். யாருடைய வீடு, என்ன செய்ய மாட்டீர்கள் என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறது. நாலு பேரையும் சாட்சியாக வைத்திருக்கிறீர்கள். இரண்டு ஆண்டுகள் அதைக் காப்பாற்றியும் இருக்கிறீர்கள். இது வாய் தவறி வந்த சொல் அன்று. கோபம் இருந்திருக்கிறது, புத்தியும் கூடவே இருந்திருக்கிறது. எனவே சத்தியம் நிகழ்ந்துவிட்டது. நான் என்ன சொல்கிறேன் என்றே தெரியாத அளவுக்கு ஒருவன் நிதானம் இழந்திருந்தால் பேச்சு வேறு.

சத்தியம் நிகழ்ந்துவிட்டதால் அதைக் காத்தே ஆக வேண்டும் என்று நினைத்தீர்களே, தவறு அங்கேதான் தொடங்குகிறது. நன்மை செய்யாமலும் மனிதரிடையே சமாதானம் செய்யாமலும் இருப்பதற்கு அல்லாஹ்வின் மீது செய்த சத்தியத்தை ஒரு சாக்காக ஆக்காதீர்கள் என்பது இரண்டாம் அத்தியாயத்தின் 224ஆம் வசனம் தரும் கருத்து. ஒன்றைச் செய்வதாகவோ விடுவதாகவோ சத்தியம் செய்தபின் அதைவிடச் சிறந்த ஒன்றைக் கண்டால், சிறந்ததைச் செய்துவிட்டு சத்தியத்துக்குக் கஃப்பாரா கொடுக்கும்படி நபி (ஸல்) கற்றுக்கொடுத்தார்கள். தாமும் அப்படியே செய்வதாகச் சொன்னார்கள். அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) ஒட்டகம் கேட்டு வந்தபோது, தர மாட்டேன் என்று சத்தியம் செய்து அனுப்பிவிட்டு, பிறகு ஒட்டகங்கள் வந்து சேர்ந்ததும் அவரையே கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமான ஒருவர் அபூபக்ர் (ரலி). தம் உறவினரான மிஸ்தஹ் என்ற ஏழைக்கு அவர்கள் செலவு செய்துவந்தார்கள். அந்த மிஸ்தஹே ஆயிஷா (ரலி) மீதான அவதூறைப் பரப்பியவர்களில் ஒருவராகிவிட்டார். பெற்ற மகளைப் பற்றிய அவதூறு அது. இனி அவருக்கு எதுவும் தர மாட்டேன் என்று அபூபக்ர் சத்தியம் செய்தார்கள். உறவினருக்குக் கொடுக்க மாட்டோம் என்று வசதியுள்ளவர்கள் சத்தியம் செய்ய வேண்டாம், அவர்கள் மன்னித்துவிடட்டும் என்று 24ஆம் அத்தியாயத்தின் 22ஆம் வசனம் இறங்கியது. நின்றுபோன உதவி மறுபடி போனது. உங்கள் சொத்துத் தகராறை இந்தக் காரணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சத்தியத்தை முறிப்பதற்கு எப்போதும் ஒரே சட்டம் இல்லை. காரணமில்லாமல் முறிப்பது விரும்பத் தகாதது. சிறந்ததற்காக முறிப்பது விரும்பத் தக்கது. பாவத்தைச் செய்வதாகவோ கடமையை விடுவதாகவோ செய்த சத்தியத்தை முறிப்பது கட்டாயம். உடன்பிறந்தவனை வெட்டிவிடுவது இரத்த உறவை முறிப்பது. படுக்கையில் கிடக்கும் அவனிடம் போகாமலிருக்கச் சத்தியத்தைப் பிடித்துக்கொள்வது அந்த முறிவை நீட்டிப்பதுதான். மார்க்கத்தின் பெயரால் நீட்டிப்பதால் அது இன்னும் மோசம். சொல்லின்படி பார்த்தால், நீங்கள் மறுத்தது அவர் வீட்டுக்குள் நுழைவதை மட்டும்தான். மருத்துவமனையிலோ பள்ளிவாசலிலோ அவரைப் பார்த்திருந்தால் சத்தியம் முறிந்திருக்காது. இரண்டு ஆண்டுகளில் இது உங்களுக்குத் தோன்றவில்லை என்பதிலிருந்து, தடுத்தது சத்தியம் மட்டுமன்று என்று எனக்குப் படுகிறது.

இனி மாமனாரின் அச்சம். நீங்கள் செய்தது நேர்ச்சையே அன்று. ஒரு வணக்கத்தைத் தன்மீது கடமையாக்கிக்கொள்வது நேர்ச்சை. நோய் தீர்ந்தால் அல்லாஹ்வுக்காக ஐந்து நோன்பு வைப்பேன் என்று ஒருவர் சொல்லி, நோய் தீர்ந்துவிட்டால் அவர் அந்த ஐந்தையும் வைத்தே ஆக வேண்டும். பத்துப் பேருக்கு உணவு கொடுத்து அதிலிருந்து வெளியேற முடியாது. பாவமான ஒன்றை நேர்ந்துகொண்டால் அதை நிறைவேற்றவே கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வகை உண்டு: "அவன் வீட்டுக்குள் போனால் ஒரு மாதம் நோன்பு வைப்பது என்மீது கடமை" என்று சண்டையில் சொல்வது. உருவத்தில் நேர்ச்சை, உள்ளே சத்தியம். ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ வலுவானதாகக் கொண்ட கருத்தின்படி, அப்படிச் சொன்னவர் அந்த ஒரு மாத நோன்பை வைக்கலாம், அல்லது சத்தியத்துக்கான கஃப்பாராவைக் கொடுத்துவிடலாம். நீங்கள் அதைக்கூடச் சொல்லவில்லை. குடும்பத்துக்கு ஆகாது என்பதற்கும் மார்க்கத்தில் இடமில்லை. நேர்ச்சை எதையும் முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்தாது, கஞ்சனிடமிருந்து கொஞ்சம் வெளியே எடுக்கத்தான் அது உதவும் என்று நபி (ஸல்) சொல்லியிருக்கிறார்கள். சத்தியம் முறிந்தால் வருவது கேடு அன்று, ஒரு கடன். அதைக் கொடுத்துவிட்டால் கணக்கு தீர்ந்தது.

அந்தக் கடனின் அளவு ஐந்தாம் அத்தியாயத்தின் 89ஆம் வசனத்தில் இருக்கிறது. பத்து மிஸ்கீன்களுக்கு, அதாவது ஏழைகளுக்கு, உங்கள் குடும்பத்துக்குக் கொடுக்கும் நடுத்தர உணவிலிருந்து உணவளித்தல், அல்லது அவர்களுக்கு உடை கொடுத்தல், அல்லது ஓர் அடிமையை விடுதலை செய்தல். இந்த மூன்றில் எதையும் தேர்ந்துகொள்ளலாம். அடிமை விடுதலை இன்று இல்லாததால் உணவும் உடையும் மிஞ்சுகின்றன. அதன் பிறகுதான், 'எவருக்கு இயலவில்லையோ அவருக்கு மூன்று நாள் நோன்பு' என்று வசனம் தொடர்கிறது. நோன்பு நான்காவது தேர்வு அன்று. முதல் மூன்றுக்கும் வழியில்லாதவருக்கு மட்டும் திறக்கும் கதவு அது. நம் மக்களிடையே இது தலைகீழாகப் பரவியிருக்கிறது. சத்தியம் முறிந்தால் மூன்று நோன்பு என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். உணவைப் பற்றிக் கேட்டால் விழிப்பார்கள். தன் செலவுக்கும் குடும்பச் செலவுக்கும் போக மிச்சமிருப்பவர் முப்பது நோன்பு வைத்தாலும் பத்துப் பேரின் உணவு அவர்மீது அப்படியே நிற்கும். நீங்களே குறையில்லாமல் இருக்கிறேன் என்று எழுதிவிட்டீர்கள். இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் காலம். நீங்கள் இன்னும் சத்தியத்தை முறிக்கவில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் பொருளால் கொடுக்கும் கஃப்பாராவை முறிப்பதற்கு முன்பே கொடுக்கலாம். நோன்பை அப்படி முற்படுத்த முடியாது. ஹனஃபி மத்ஹபில் பொருளாக இருந்தாலும் முறித்த பிறகு கொடுத்தால்தான் செல்லும். எனவே முறித்த பிறகு கொடுப்பது எல்லாருடைய கருத்துக்கும் பொருந்தும். மூன்று நோன்பும் வீணாயிற்றே என்று வருந்த வேண்டாம், அவை உபரி நோன்புகளாக இருக்கட்டும்.

எவ்வளவு கொடுப்பது? உங்கள் மத்ஹபில் ஆளுக்கு ஒரு 'முத்து', ஊரில் பெரும்பாலோர் உண்ணும் முதன்மைத் தானியத்திலிருந்து. நடுத்தரமான ஒருவர் இரண்டு கைகளையும் சேர்த்து ஒரு முறை அள்ளும் அளவு அது. எனக்குப் பாடம் சொன்ன உஸ்தாத், நூலில் படித்தது போதாதென்று எங்களை ஒவ்வொருவராக மூட்டையில் கைவிட்டு அள்ளவைத்து எடை போட்டார். ஒல்லிப்பிச்சானான என் கையில் வந்ததைப் பார்த்து வகுப்பே சிரித்தது. முத்து கொள்ளளவு என்பதால் எடைக் கணக்கு தானியத்துக்குத் தானியம் மாறும். பெரும்பாலும் அரைக் கிலோவைச் சற்றுத் தாண்டி நிற்கும். ஆளுக்கு 750 கிராம் என்று வைத்துக்கொண்டால் பேணுதலாக இருக்கும். பத்துப் பேருக்கு ஏழரைக் கிலோ. இதற்குத்தான் இரண்டு ஆண்டுகள்.

கொடுக்கும்போது மூன்று இடங்களில் தவறுகிறார்கள். ஏழரைக் கிலோவையும் ஒரே ஏழைக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் தலைகள் பத்து வேண்டும். ஒருவருக்கே கொடுத்தால் ஒரு பங்குதான் நிறைவேறும், ஒன்பது பாக்கி. அடுத்தது, அதன் விலையைப் பணமாகக் கொடுப்பது. ஹனஃபிகளுக்கு அது செல்லும், உங்களுக்குச் செல்லாது. பத்து ஏழைகளை உட்காரவைத்துச் சாப்பாடு போடுவது மூன்றாவது. இரண்டு வேளை வயிறு நிறையப் போட்டால் ஹனஃபி மத்ஹபில் போதும். ஷாஃபிஈயில் தானியத்தை அவர்கள் கையில் உடைமையாகக் கொடுத்தாக வேண்டும். உடை என்று முடிவு செய்தால் பத்துப் பேருக்கும் உடை. ஐந்து பேருக்கு உணவு, ஐந்து பேருக்கு உடை என்று கலந்தால் உங்கள் மத்ஹபில் கூடாது. கொடுக்கும்போது கஃப்பாரா என்ற நிய்யத் மனத்தில் இருக்க வேண்டும். வாங்குபவரிடம் அதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு முறை நுழைந்ததும் சத்தியம் அவிழ்ந்துவிடும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் போனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கஃப்பாரா வருமோ என்று எண்ண வேண்டாம். ஒன்றோடு சரி. அடுத்த முறை சண்டை வந்தால் மறுபடி சத்தியம் செய்யாமலிருங்கள், அவ்வளவுதான்.

தானியம் வாங்கி, பத்துப் பேரைத் தேடி முடித்த பிறகு போகிறேன் என்று மட்டும் நாள் தள்ளாதீர்கள். அது நாளைக்கும் ஆகும், அடுத்த வாரமும் ஆகும். முதலில் அண்ணனைப் போய்ப் பாருங்கள்.