மூன்று நிமிட இடைவெளிக்கு மூன்று வருடக் கடனா?

கேள்வி: வீட்டிலிருந்தே மூன்று நிறுவனங்களுக்குக் கணக்கு வேலை பார்க்கிறேன். வாரத்தில் ஆறேழு வீடியோ கால், மாதக் கடைசியில் தேதி தவறாமல் அறிக்கை. கரண்ட் போனால் கால் அப்படியே உறைந்து நின்று, மூன்று நிமிடம் கழித்துத்தான் திரும்ப வருகிறது. நீண்ட நேரம் கரண்ட் இல்லையென்றால் இன்வெர்ட்டரும் இரண்டு மணி நேரத்துக்குள் படுத்துவிடுகிறது. ஒன்றரை வருடத்தில் இன்வெர்ட்டர், புது வைஃபை செட், பெரிய மானிட்டர் எல்லாம் தவணையில் வாங்கினேன். இரண்டாவது ஃபைபர் லைனும் போட்டேன். என் வருமானம் 100 என்றால் இவற்றுக்கே மாதம் 22 போகிறது. இப்போது கணவரின் அண்ணன், "மாடியில் சோலார் போடுவோம், கடனை உன் பெயரில் எடு, தொழில் செலவாகக் காட்டிக்கொள்ளலாம்" என்கிறார். மூன்று வருடக் கடன், மாதம் 15. எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். ஏன் என்பதற்கான பாதி விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. "மூன்று நிமிடம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

ரௌட்டருக்கு இன்வெர்ட்டர் கரண்டே வரவில்லை என்றால், மின்சாரம் திரும்பும்வரை இணையமும் திரும்பாது. உங்களுக்கு மூன்று நிமிடத்தில் திரும்பிவிடுகிறது. அப்படியானால் ரௌட்டர் ஒரு நொடி அணைந்து, மறுபடி உயிர் பெற்று, லைனைப் பிடிக்க அந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறது. கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாற ஒரு சின்ன இடைவெளி உண்டு. மின்விசிறிக்கும் விளக்குக்கும் அது ஒரு கண் சிமிட்டல். லேப்டாப்புக்கு அதன் பேட்டரி இருப்பதால் தெரியவே தெரியாது. ரௌட்டருக்கும், ஃபைபர் வந்து சேரும் அந்த இன்னொரு சின்னப் பெட்டிக்கும் அது போதும், இரண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

பல இன்வெர்ட்டர்களில் பின்பக்கம் ஒரு சுவிட்ச் இருக்கும், சாதாரண நிலை அல்லது யூ.பி.எஸ். நிலை என்று. யூ.பி.எஸ். நிலையில் மாற்றம் வேகமாக நடக்கும். இன்றைக்கே போய்ப் பாருங்கள், செலவு ஒன்றுமில்லை. அந்த நிலையில் வைத்தால், மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கினாலும் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவும் என்பது மட்டும் ஒரு தொல்லை. அது ஒத்துவரவில்லை என்றாலோ, சுவிட்சே இல்லை என்றாலோ, ரௌட்டருக்கென்றே விற்கும் சின்ன யூ.பி.எஸ். ஒன்றை ரொக்கத்துக்கு வாங்குங்கள். ரௌட்டரும் ஃபைபர் பெட்டியும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் அதிலிருந்தே இணைப்பு போக வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டு "இதுவும் வேலைக்கு ஆகவில்லை" என்று எழுதுகிறவர்கள் நிறைய. பெட்டிகளின் அடியில் எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதற்கேற்றதை வாங்குங்கள், 9 வோல்ட் கருவியில் 12 வோல்ட்டைச் சொருகிவிடாதீர்கள்.

வாங்கும்போது "10,000 மில்லி ஆம்பியர் மணி" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பேட்டரிக்கான கணக்கு. 10 ஆம்பியர் மணியை 3.7-ஆல் பெருக்கினால் 37 வாட் மணி. வழியில் கரைவது போக 30 என்று வையுங்கள். இரண்டு பெட்டிகளும் சேர்ந்து 15 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம். பின்னால் இன்வெர்ட்டர் இருப்பதால் உங்களுக்குத் தேவை சில நொடிகள்தான், ஆகவே இருப்பதிலேயே சின்னதே போதும்.

சரி, இன்வெர்ட்டர் ஏன் இரண்டு மணி நேரத்துக்குள் படுக்கிறது? பேட்டரி அளவை எழுதவில்லை. வீடுகளில் அதிகம் காண்பது 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி. அதையே வைத்துக் கணக்குப் போடுகிறேன். பெருக்கினால் 1,800 வாட் மணி. ஈய அமில பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும், அதனால் 900. இன்வெர்ட்டர் தின்பது போகக் கையில் 750.

உங்கள் வேலைக்கு என்ன வேண்டும்? லேப்டாப்புக்கு 40 வாட், மானிட்டருக்கு 25, ரௌட்டர் வகைக்கு 15, ஒரு எல்.இ.டி. விளக்குக்கு 10. மொத்தம் 90. ஒரு பழைய மின்விசிறியையும் சேர்த்தால் 165. அப்படியும் நாலரை மணி நேரம் வரும். உங்களுக்கு இரண்டு மணி நேரம்கூட வரவில்லை என்றால், பேட்டரி கிழடாகியிருக்க வேண்டும், அல்லது அதே இன்வெர்ட்டரில் வீடே தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். இன்னும் இரண்டு மின்விசிறி, ஒரு டிவி, நாலு விளக்கு சேர்ந்தால் 450 வாட்டைத் தொடும். 750-ஐ 450-ஆல் வகுத்துப் பாருங்கள், நீங்கள் சொன்ன கதை அப்படியே வரும். தொழிலுக்கென்று வாங்கியது, தவணை கட்டுவது நீங்கள், காற்று வாங்குவது வீடு முழுக்க! தவறென்று சொல்ல மாட்டேன், குடும்பம்தானே. ஆனால் வேலை நேரத்தில் உங்கள் அறைக்கும் ரௌட்டருக்கும் மட்டும் இன்வெர்ட்டர் லைன் போகும்படி மின்பணியாளரை வைத்துப் பிரித்துவிடுங்கள். அரை நாள் வேலை.

இப்போது சோலார். கரண்ட் போனால் சோலார் கைகொடுக்கும் என்பது பரவலான நம்பிக்கை. மின்வாரிய லைனோடு இணைத்துப் போடும் சாதாரண சோலார், பேட்டரி இல்லாவிட்டால், வெளியே கரண்ட் போன உடனே தானும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் அப்படித்தான். லைனில் ஏறி வேலை பார்ப்பவர் மீது உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். கணவரின் அண்ணன் எந்த வகையைச் சொல்கிறார் என்று கேளுங்கள். பேட்டரி இல்லாத வகை என்றால் அது மின்கட்டணத்தைக் குறைக்கும், நல்ல விஷயம்தான், ஆனால் உங்கள் வீடியோ காலைக் காப்பாற்றாது. கட்டணம் குறைவது எல்லோருக்கும், கடன் மட்டும் உங்களுக்கு.

"தொழில் செலவாகக் காட்டலாம்" என்ற வாதத்தைக் கணக்கு எழுதும் உங்களிடமே சொல்லியிருக்கிறார் பாருங்கள். நீங்கள் கட்டும் வரி விகிதம் 20 சதவீதம் என்றால், 100 செலவு செய்து 20 மிச்சம், 80 போனது போனதுதான். வீடு முழுக்கப் பயன்படுத்தும் ஒன்றில் தொழில் பங்கு எவ்வளவு என்று கேட்டால் அந்த 20-உம் சுருங்கும். மாதம் 15 வீதம் 36 மாதம், மொத்தம் 540, அதாவது உங்கள் ஐந்தரை மாத வருமானம். ஏற்கெனவே 22, இதோடு 37. மூன்று நிறுவனங்களில் ஒன்று விலகினால் 100 என்பது 67 ஆகும், 37 அப்படியே நிற்கும். பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும். மாடி யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடனைவிட என்னை உறுத்துவது வேறு. நீங்கள் வாங்கியவை ஒவ்வொன்றும் ஒரு வீடியோ கால் அறுந்த கோபத்தில் வாங்கியதாகத்தான் தெரிகிறது. கால் அறுந்த அன்றைக்கே வைஃபைதான் காரணம் என்று வைஃபை செட், லைன்தான் காரணம் என்று இன்னொரு லைன். ஒருமுறையாவது எது அறுந்தது என்று பார்த்தீர்களா? வட்டியில்லாத் தவணை என்பதால் கை தாராளமாகிறது. அதே பொருளுக்கு ரொக்க விலை என்ன என்று கேளுங்கள். ரொக்கத்துக்கு 100, தவணையில் 12 மாதம் சேர்த்து 110 என்றால், "பத்து சதவீதம்தானே" என்று தோன்றும். ஆனால் மாதாமாதம் அசல் குறைகிறது, வருடம் முழுக்கச் சராசரியாக உங்களிடம் இருக்கும் கடன் 54 அளவுதான். 54-க்கு 10 என்றால் ஏறக்குறைய 18 சதவீத வட்டி.

எது அறுகிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. என் மகன் சொல்லிக்கொடுத்தது, எனக்கே வருகிறது என்றால் உங்களுக்கும் வரும். விண்டோஸ் கணினியில் இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு வரியை ஓடவிடுங்கள்:

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதலாவது உங்கள் ரௌட்டர் (சரியான முகவரி அதன் அடியில் ஒட்டியிருக்கும்), இரண்டாவது வெளியுலகம். கால் தடுமாறும்போது இரண்டிலும் பதில் நின்றால் கோளாறு வீட்டுக்குள், வைஃபையிலோ ரௌட்டரிலோ. ஒரு கேபிளை நேராக லேப்டாப்பில் சொருகிப் பாருங்கள், பலருக்கு அதோடு தீர்ந்துவிடும். முதலாவது ஓடிக்கொண்டிருக்க இரண்டாவது மட்டும் நின்றால் கோளாறு வெளியே, அல்லது அந்த ஃபைபர் பெட்டியில். பதினான்கு நாள் இதைத் தேதியும் நேரமும் போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அதுவரை எதையும் வாங்க வேண்டாம்.

இரண்டாவது ஃபைபர் லைனைப் பற்றி ஒரு கேள்வி மட்டும். அது முதல் லைன் வரும் அதே கம்பத்தில்தானே வருகிறது? அப்படியென்றால் மரம் விழுந்தால் இரண்டும் சேர்ந்தே விழும், ரத்து செய்யுங்கள். மாற்று என்பது வேறு வழியில் வர வேண்டும். கைபேசி டேட்டா போதும். வீடியோ கால் மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை ஜி.பி. இழுக்கும் என்று வைத்தால், மாதம் பத்து மணி நேரம் லைன் போனாலும் 15 ஜி.பி. கைபேசியை யூ.எஸ்.பி. கேபிளில் இணைத்துவிட்டால் சார்ஜும் ஏறும், ஹாட்ஸ்பாட்டைவிட நிலையாகவும் இருக்கும். மாறும்போது கால் ஒருமுறை அறுந்து மறுபடி சேரும், அதைத் தவிர்க்க முடியாது. லைன் போனால் தானாகவே மாற்றிவிடும் ரௌட்டர் என்று விற்பதிலும் அப்படித்தான்.

உங்கள் 22-இல் இரண்டாவது ஃபைபர் லைனுக்கு 4 போகிறது என்று வைத்தால், ரத்து செய்வதால் அது மிஞ்சும். அதில் 1 டேட்டாவுக்கு. மீதி 3-ஐ ஒவ்வொரு மாதமும் தனிக் கணக்கில் போடுங்கள், சின்ன யூ.பி.எஸ்.ஸும் அடுத்த பேட்டரியும் அதிலிருந்து. பேட்டரி சில வருடத்தில் மாறியே ஆக வேண்டும், அப்போதும் தவணைப் படிவம் நீட்டுவார்கள். கணவரின் அண்ணனிடம், கட்டணக் குறைப்பில் எல்லோருக்கும் பங்கு இருப்பதால் கடனிலும் எல்லோரும் கையெழுத்துப் போட்டால் யோசிக்கலாம் என்று உங்கள் கணவரையே சொல்லச் சொல்லுங்கள்.