ஒற்றை, இரட்டை எனப் பிரித்தால் கணக்கு ஏன் சுருங்குகிறது?

கேள்வி: கோயமுத்தூர் கணபதியில மோட்டார் பம்பு அசெம்பிள் பண்ற பட்டறைங்க. ஓடுற பம்பு மேல அதிர்வு சென்சார் வச்சு, நொடிக்கு 1024 சாம்பிள் எடுத்து, எந்த ஹெர்ட்ஸ்ல ஆட்டம் அதிகம்னு பாக்கறோம். அதுக்கான டி.எஃப்.டி. பார்முலாவை அப்படியே ரெண்டு லூப் போட்டு எழுதினேன். ஒரு தடவை கணக்குப் போட மைக்ரோகண்ட்ரோலர் பல நொடி எடுக்குது. எஃப்.எஃப்.டி. முறையில இரட்டைப்படை சாம்பிள், ஒற்றைப்படை சாம்பிள்னு பிரிச்சா வேகமாகும்னு சொல்றாங்க. பிரிச்சும் எழுதிப் பாத்தேன், கொஞ்சங்கூடக் குறையலைங்க. சாம்பிள் அதே 1024 தானுங்க, வேலை மட்டும் எப்படிங்க குறையும்?

பதில்: பிரித்தும் குறையவில்லை என்றால், பிரித்த இரண்டு கூட்டல்களையும் ஹெர்ட்ஸ் எண்ணான k = 0 முதல் 1023 வரை எல்லாவற்றுக்கும் போட்டிருப்பீர்கள். அப்போது ஒரு k-க்கு 512 + 512 பெருக்கல். மொத்தம் பழையபடி 10,48,576 பெருக்கல்தான். பிரிப்பதால் மட்டும் எதுவும் மிச்சமாகாது. ஒரு முறை போட்ட பாதிக் கணக்கை இரண்டு k-க்குப் பயன்படுத்தும்போதுதான் மிச்சமாகிறது.

அது எப்படி முடிகிறது என்பதை k = 48, k = 560 என்ற இரண்டை வைத்துப் பார்ப்போம். X[k] கண்டுபிடிப்பது என்றால், நொடிக்கு k சுற்று சுற்றும் ஒரு முள்ளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சாம்பிளையும் அந்த நேரத்தில் முள் நிற்கும் திசையால் பெருக்கிக் கூட்டுவது. 48-ன் முள் ஒரு சாம்பிளிலிருந்து அடுத்ததற்குள் 48/1024 சுற்று நகரும். 560-ன் முள் 560/1024 சுற்று நகரும்; அதாவது 48/1024 சுற்றும், கூடவே சரியாக அரைச் சுற்றும்.

இப்போது 0, 2, 4 என்று இரட்டைப்படை சாம்பிள்களை மட்டும் பாருங்கள். இரண்டு சாம்பிளுக்கு ஒரு முறை பார்ப்பதால் அந்த அரைச் சுற்று இரண்டும் சேர்ந்து முழுச் சுற்றாகி மறைந்துவிடும். இரண்டு முள்ளும் ஒரே திசையில் நிற்கும். ஆகவே இரட்டைப்படைக் கூட்டல் 48-க்கும் 560-க்கும் ஒன்றே. ஒற்றைப்படை சாம்பிள்களில் இரண்டு முள்ளும் எப்போதும் நேரெதிர்த் திசையில் நிற்கும். அங்கே கூட்டலின் அளவு அதே, குறி மட்டும் மாறும். சாம்பிள் வேகத்தைப் பாதியாக்கினால் 48-ஐயும் 560-ஐயும் பிரித்தறிய முடியாது என்பது அளவீட்டில் தொல்லை. இங்கே அதே குழப்பம்தான் நமக்கு லாபம்.

ஆகவே இரட்டைப்படைச் சாம்பிள்களின் கூட்டல் E[k], ஒற்றைப்படையின் கூட்டல் O[k] இரண்டையும் k = 0 முதல் 511 வரை மட்டும் போட்டால் போதும். ஒற்றைப்படைச் சாம்பிள்கள் ஓர் அடி தாமதமாகத் தொடங்குவதால், O[k]-ஐ முள்ளின் ஓரடி நகர்வான W[k]-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்:

```c
for (k = 0; k < N/2; k++) {
    t = W[k] * O[k];      // W[k] = exp(-2*pi*j*k/N)
    X[k]       = E[k] + t;
    X[k + N/2] = E[k] - t;
}
```

இதில் X[560] வீணாக வருவது அல்ல. உங்கள் சாம்பிள்கள் மெய்யெண்கள் என்பதால் அது X[464]-ன் கண்ணாடிப் பிம்பம். 464 ஹெர்ட்ஸின் அளவு அதிலேயே இருக்கிறது.

ஒரு முறை இப்படிச் செய்தாலே பெருக்கல் 10,48,576-லிருந்து 5,24,288 + 512 ஆகிவிடும், ஏறத்தாழப் பாதி. அதோடு நிறுத்த வேண்டியதில்லை. E-யும் O-வும் தனித்தனியே 512 சாம்பிளுக்கான இதே கணக்குதான். அவற்றையும் 256, 256 எனப் பிரிக்கலாம். ஒரே ஒரு சாம்பிள் மிஞ்சும் வரை போனால் அங்கே கணக்கே இல்லை, அந்தச் சாம்பிளே விடை. இப்போது செலவு முழுக்க மேலே உள்ள சேர்க்கும் லூப்பில் மட்டும். மேல்மட்டத்தில் 512 பெருக்கல், அடுத்த மட்டத்தில் இரண்டு 256, அதற்கடுத்து நான்கு 128. எந்த மட்டத்திலும் 512-தான். 1024-ஐப் பத்து முறை பாதியாக்கலாம் என்பதால் மொத்தம் 5,120 பெருக்கல். சுமார் 200 மடங்கு குறைவு. சாம்பிளை 2048 ஆக்கினால் உங்கள் பழைய புரோகிராமுக்கு வேலை நான்கு மடங்காகும்; இதில் 11 × 1024 = 11,264, இரண்டு மடங்கைவிடச் சற்றே அதிகம். 1965-ல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட எஃப்.எஃப்.டி. முறை இதுதான்.

சைன், கோசைன் மதிப்புகளை லூப்புக்குள் கணக்கிடாதீர்கள். W[0] முதல் W[511] வரை தொடக்கத்தில் ஒரு முறை அட்டவணையாக்கி வையுங்கள். கீழ்மட்டங்களும் அதே அட்டவணையிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்று, நான்கில் ஒன்று என எடுத்துக்கொள்ளும்.

எழுதியதைச் சரிபார்க்க 3, 1, −1, 5 என்ற நான்கு சாம்பிள் போதும். இரட்டைப்படை இடங்களில் 3, −1; ஆகவே E = 2, 4. ஒற்றைப்படை இடங்களில் 1, 5; ஆகவே O = 6, −4. W = 1, −j. விடை: X[0] = 8, X[1] = 4+4j, X[2] = −4, X[3] = 4−4j. உங்கள் பழைய இரட்டை லூப்பும் இதையேதான் தரும்.

X[2] = 2 என்று வந்தால், ஒரே அரேயில் எழுதும்போது E-யின் மேல் கூட்டலை எழுதிவிட்டு, பிறகு அந்தப் புது மதிப்பிலிருந்து கழித்திருக்கிறீர்கள். பழைய மதிப்பை முதலில் தனியே எடுத்து வைக்க வேண்டும். X[1] = 2+6j, X[2] = 0 என்று வந்தால், லூப் முறையில் எழுதும்போது சாம்பிள்களை முதலில் வரிசை மாற்ற மறந்துவிட்டீர்கள்; நான்கு சாம்பிளுக்கு அந்த வரிசை 0, 2, 1, 3. பொதுவாக, இட எண்ணின் பிட்டுகளைத் திருப்பிப் போட்ட இடத்துக்குச் சாம்பிள் போக வேண்டும். இந்தப் பிழை லேசில் கண்ணில் படாது. X[0] வெறும் கூட்டுத்தொகை என்பதால் எந்த வரிசையிலும் சரியாகவே வரும். மொத்த ஆற்றலும் சரியாக இருக்கும். உச்சங்கள் மட்டும் வேறு ஹெர்ட்ஸில் போய் நிற்கும். X[1]-ம் X[3]-ம் இடம் மாறி வந்தால் W-யின் குறி தவறு. அளவை மட்டும் வரைந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது.

சாம்பிள் எண்ணிக்கை 1024 ஆகவே இருக்கட்டும். 1000 எடுத்தால் மூன்று முறை பாதியாக்கியதும் 125-ல் நின்றுவிடும். பிறகு ஐந்தைந்தாகப் பிரிக்கத் தனியாக எழுத வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்த 256-க்குக் குறைப்பதும் வேண்டாம். அதே சாம்பிள் வேகத்தில் ஒவ்வொரு k-க்கும் உரிய கட்டம் 4 ஹெர்ட்ஸ் அகலமாகிவிடும். 2880 ஆர்.பி.எம். பம்பில் சுழற்சியின் இரட்டிப்பு 96 ஹெர்ட்ஸ், மின்சாரத்தின் இரட்டிப்பு 100 ஹெர்ட்ஸ். அலைன்மென்ட் கோளாறையும் மோட்டார் வைண்டிங் பக்கத்துக் கோளாறையும் பிரித்துக் காட்டும் இரண்டு உச்சங்கள் அடுத்தடுத்த கட்டத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு மூன்று ஹெர்ட்ஸ் மட்டும் பார்த்தால் போதும் என்றால் எஃப்.எஃப்.டி. தேவையில்லை, கோர்ட்செல் முறையில் ஒரு ஹெர்ட்ஸுக்குச் சுமார் 1024 சாதாரணப் பெருக்கலில் முடியும். எஃப்.எஃப்.டி.யின் 5,120 கலப்பெண் பெருக்கல் என்பது சுமார் 20,000 சாதாரணப் பெருக்கல் என்பதால், ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் வரை கோர்ட்செல்தான் மலிவு. ஆனால் டெலிவரி வால்வைத் திறந்து மூடும்போது லோடு மாறி ஆர்.பி.எம்.மும் நகரும், 48-ஐ மட்டும் குறிவைத்தால் உச்சம் பக்கத்துக் கட்டத்துக்கு நழுவியிருக்கும். பேரிங் எந்த ஹெர்ட்ஸில் கத்தும் என்பதும் பம்புக்குப் பம்பு மாறும். டெஸ்ட் பெஞ்சுக்கு எஃப்.எஃப்.டி.யையே வையுங்கள், பம்போடு பொருத்தி அனுப்பும் சின்ன அலாரம் போர்டுக்கு, 46 முதல் 50 வரை ஐந்து கட்டத்துக்கும் கோர்ட்செல் போட்டால் போதும்.